ஷஃபிள் போட்டும் அதே இசையமைப்பாளரா?

இளையராஜா, ரகுமான், எம்.எஸ்.வி., யுவன் என நால்வருக்கும் ஐந்தைந்தாக 20 பாட்டுகள். நன்றாகக் கலைத்துப் போட்டாலும், ஒரே ஆளின் பாட்டுகள் அடுத்தடுத்து வருவது சராசரியாக நான்கு தடவை நடக்கும். ஒரு பாட்டு முடிந்ததும் மீதமுள்ள 19-இல் நான்கு அவருடையவைதானே! யாருடைய பாட்டு என்று குலுக்கல் பார்ப்பதில்லை. உண்மையில், ஒருமுறைகூட அப்படி வராவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இந்தப் புகார் ஓயாமல் வந்ததால்தான் ஸ்பாட்டிஃபை, ஒரே கலைஞரின் பாட்டுகளைத் தள்ளித் தள்ளி வைக்கும்படி தன் முறையை மாற்றியது. அதை நாமே செய்யலாம். இளையராஜா பாட்டுகளை 2, 6, 9, 14, 18 ஆகிய இடங்களில் வையுங்கள். இடைவெளி சற்று முன்பின்னாக இருந்தால்தான் கலைத்த மாதிரி தோன்றும். மற்றவர்களையும் இப்படியே இடையில் பரப்பிவிட்டு, ஷஃபிளை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஒருவருக்கே பாதிக்கு மேல் பாட்டுகள் இருந்தால் எந்த முறையும் உதவாது; சிலவற்றை எடுத்துவிடுங்கள். இன்னொன்று: கோப்பில் கலைஞர் என்ற இடத்தில் பாடகர் பெயர் இருந்தால், எஸ்.பி.பி.யையும் ஜானகியையும் செயலி வேறு வேறு ஆளாகவே எண்ணும். ராஜா தொடர்ந்து வருவார்.