பத்திரிகையில் இரு வீடும், மூன்று நாளும்

பெண் வீடு உத்திரமேரூர், மாப்பிள்ளை வீடு மானாம்பதி என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை இரு வீட்டிலும் பந்தக்கால், நலங்கு. சனி மாலை மண்டபத்தில் வரவேற்பு. ஞாயிறு காலை 4.30-க்குமேல் 6 மணிக்குள் முகூர்த்தம்.

கல்யாணப் பத்திரிகையில் பெரும்பாலும் மனத்தாங்கல் வருவது பெயர்களில்தான். ஒரு பக்கம் தாத்தா பாட்டியில் தொடங்கினால் மறுபக்கமும் அப்படியே தொடங்க வேண்டும். ஒருவருக்குப் படிப்பும் வேலையும் போட்டால் மற்றவருக்கும் போடுங்கள். அப்பா பெயரோடு அம்மா பெயரும் அதே எழுத்தளவில் வரட்டும். காலமானவர் பெயருக்கு முன் 'அமரர்' சேருங்கள். அழைப்பவர் வரிசையில் அந்தப் பெயர் வரக்கூடாது. தாய்மாமன்கள் பெயர்களை இரு பக்கமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நினைவிலிருந்து போடாதீர்கள். யார் பெயர் முதலில் என்ற பேச்சு எழுந்தால் இரண்டு பத்திரிகையாக அடிப்பதே நல்லது: அவரவர் பத்திரிகையில் அவரவர் வீடு முதலில், மற்ற வாசகம் ஒன்றே.

நலங்கு அவரவர் வீட்டில் நடப்பதால் அந்தந்தப் பத்திரிகையில் மட்டும் வரட்டும். வரவேற்பும் முகூர்த்தமும் இரண்டிலும் வேண்டும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கிழமை, ஆங்கிலத் தேதி, நேரம், இடம் தனி வரியில் இருக்கட்டும். தமிழ்த் தேதியை மேலே ஒருமுறை மட்டும் போட்டுவிட்டு, வரவேற்பை வெறுமனே 'முதல்நாள் மாலை' என்று எழுதினால், ஞாயிறு மாலை மண்டபத்துக்கு வந்து நிற்பவர்கள் இருப்பார்கள். விடியற்கால முகூர்த்தத்துக்கு 'ஞாயிறு அதிகாலை' என்றே எழுதுங்கள்.

அச்சகம் தரும் மாதிரிப்படியில் இரு வீட்டுப் பெரியவர்களும் கையெழுத்திட்ட பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.