நாற்பதாவது கல்யாண நாளுக்கு

அன்புள்ள கவிதாவுக்கு,

மாமா ஆசியுடன் எழுதுவது. ஆகஸ்ட் 29 வெள்ளிக்கிழமையோடு உன் அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி 40 வருஷம் நிறைகிறது. நியூஜெர்சியில் இருந்துகொண்டு என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய்.

போன வருஷம் நீங்கள் ஆசையாய் அனுப்பிய கேக் நள்ளிரவு 12 மணிக்கு வந்தது. அழைப்பு மணி கேட்டதும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அப்பா பதறி எழுந்தார். முட்டை கலந்த கேக் என்பதால் என் அக்கா, உன் அம்மா, வாயில் வைக்கவில்லை. மெழுகுவத்தியை ஊதச் சொன்னபோது, நல்ல நாளில் விளக்கை அணைப்பதா என்று அவள் முகம் வாடிவிட்டது.

இந்தத் தடவை உங்கள் வியாழன் இரவு 9 மணிக்குக் கூப்பிடுங்கள். இங்கே அப்போது வெள்ளி காலை ஆறரை. அக்கா குளித்து விளக்கேற்றியிருப்பாள். வேலை முடித்து வெள்ளி இரவு பேசலாம் என்று தள்ளிப்போட்டால் இங்கே சனிக்கிழமை விடிந்துவிடும். அவள் நாள் முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பெற்றவர்களிடம் முதலில் ஆசி வாங்குவதுதான் நம் வீட்டு வழக்கம். பச்சரிசியில் மஞ்சளும் சொட்டு நெய்யும் கலந்து அட்சதை தயாராக வைக்க உன் அத்தையிடம் சொல்லிவிட்டேன். இருவரும் சேர்ந்து நிற்பார்கள். நீங்கள் அங்கே குழந்தைகளோடு விழுந்து கும்பிடுங்கள். அவர்கள் இங்கிருந்து அட்சதை தூவுவார்கள்.

அதன் பிறகு மனதில் இருப்பதைச் சொல். பொதுவாகப் புகழ வேண்டாம், நடந்த ஒன்றைச் சொன்னால் போதும். உன் கல்லூரிக் கட்டணத்துக்கு அக்கா வளையலை அடகு வைத்ததும், அதை மீட்க அப்பா ஓவர்டைம் பார்த்ததும் உனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கு இன்றுவரை தெரியாது. அதைச் சொல். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவதெல்லாம் அதற்கு அப்புறம் இருக்கட்டும்.

புடவையும் வேட்டியும் அனுப்புவதானால் வியாழக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வெள்ளி பத்தரை முதல் 12 வரை ராகு காலம். அந்த நேரத்தில் வந்தால் அக்கா பிரிக்கக்கூட மாட்டாள். புடவையில் கறுப்பு வேண்டாம்.

கோயிலுக்குப் போனால் அக்கா எப்போதும் உங்கள் பெயருக்குத்தான் அர்ச்சனை செய்வாள். அன்றைக்கு அவர்கள் பெயருக்கு நீங்கள் செய்யுங்கள். அப்பா உத்திர நட்சத்திரம், கன்னி ராசி. அம்மா ரோகிணி, ரிஷப ராசி. குறித்து வைத்துக்கொள். குருக்களிடம் நான் சொல்லிவிடுகிறேன்.

தம்பி தனியாக, நீ தனியாக என்று பேச வேண்டாம். இரண்டு பேரும் ஒரே அழைப்பில் வாருங்கள். பிள்ளைகள் ஒற்றுமையாக இருப்பதைக் கண்ணால் பார்ப்பதைவிடப் பெரிய பரிசு அவர்களுக்கு வேறில்லை.

அன்புடன்,
மாமா