மகளுக்கும் ஹீமோபிலியா வருமா?

இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே வரும் என்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளிலிருந்து எங்களிடம் வரும் குடும்பங்கள் பலவும் நம்புகின்றன. பெரும்பாலும் அது உண்மைதான்; ஆனால் உறவுத் திருமணம் பேசும்போது அந்நம்பிக்கையை மட்டும் சார்ந்திருத்தல் கூடாது.

தாயின் கருமுட்டை எப்போதும் ஓர் எக்ஸ் குரோமோசோமையே தருகிறது. தந்தையின் விந்தணு எக்ஸ் கொணர்ந்தால் மகள், ஒய் கொணர்ந்தால் மகன். (பெண் பிறந்ததற்குத் தாயைப் பழிப்போர் இதனைக் கருதுக.) உறைதற் காரணிக்கான மரபணு எக்ஸில் உள்ளது. மகனுக்கு இருப்பது ஒரே எக்ஸ். அது பழுதானால் நோய் வெளிப்படும். மகளுக்கு மற்றோர் எக்ஸ் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். அவள் நோயைக் கடத்துபவள் ஆவாள். நோயுள்ள தந்தையின் பழுதான எக்ஸ் மகன்களுக்குச் செல்வதில்லை. மகள்கள் அனைவருக்கும் செல்கிறது.

1910-இல் அமெரிக்காவில் தாமஸ் ஹண்ட் மார்கன் என்னும் அறிஞர், செந்நிறக் கண்களையுடைய பழ ஈக்களிடையே வெண்கண் ஆண் ஈ ஒன்றைக் கண்டார். அதன் மகள்களுக்குக் கண்கள் சிவப்பாகவே இருந்தன. அந்த ஆண் ஈயை அதன் மகள்களுடனேயே இணைத்தபோது, பிறந்த பெண் ஈக்களிலும் ஏறக்குறைய பாதி வெண்கண்ணோடு தோன்றின. பழுதான எக்ஸ் இருபுறமிருந்தும் வந்து சேர்ந்ததே காரணம்.

நம்மிடையே தாய்மாமன் திருமணத்தில் இதுவே நிகழக்கூடும். ஹீமோபிலியா உள்ள ஒருவர் அக்காள் மகளை மணக்கிறார் என்று கொள்வோம். அவருடைய தாய் நோயைக் கடத்துபவரானால், அக்காளும் அவ்வாறிருக்கும் வாய்ப்பு பாதி. அக்காள் மகளுக்குக் கால் பங்கு. அப்பெண் உண்மையிலேயே கடத்துபவளாயின், ஒவ்வொரு மகனுக்கும் ஒவ்வொரு மகளுக்கும் நோய் வரும் வாய்ப்பு பாதியாகும். நோயற்ற மகள்களும் கடத்துபவர்களாகவே இருப்பர். கடத்தாத அயற்பெண்ணை மணந்திருந்தால் மகன்களுக்கு நோயில்லை. மகள்கள் கடத்துவதோடு நின்றிருக்கும்.

ஆயினும் ஈயும் மனிதரும் ஒன்றல்லர். மனிதரில் ஒய் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணுவே ஆணாக்குகிறது. ஈயில் ஒய்க்கு அவ்வதிகாரம் இல்லை; எக்ஸின் எண்ணிக்கையே பாலை முடிவுசெய்கிறது. ஆதலால் ஒரே எக்ஸ் மட்டும் கொண்ட ஈ ஆண். அவ்வாறே பிறக்கும் மனிதக் குழந்தையோ பெண், டர்னர் நிலை என்பது இதுவே. அவளது ஒற்றை எக்ஸ் பழுதானதாயின், ஆண்பிள்ளையைப் போலவே அவளுக்கும் நோய் முழுமையாக வெளிப்படும்.

கடத்தும் பெண்ணின் காரணி அளவு இயல்பாகவும் இருக்கலாம். எனவே அப்பரிசோதனை மட்டும் போதாது. முதலில் நோயுள்ள ஆணின் இரத்தத்தில் மரபணுப் பழுதைக் கண்டறிந்து, பின்னர் அப்பழுதைப் பெண்ணிடம் தேட வேண்டும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இவ்வசதி உண்டு. சிலருக்குக் காரணி அளவு 40 விழுக்காட்டுக்கும் கீழே குறையும். மாதவிலக்கில் மிகுந்த உதிரப்போக்கு உண்டாகும். அத்தகையோர் பல் பிடுங்குவதற்கும் மகப்பேற்றுக்கும் முன்னரே மருத்துவரிடம் குடும்ப வரலாற்றைத் தெரிவித்தல் வேண்டும்.