ஒரே திதிக்கு இரண்டு நேரம் ஏன்? வாக்கியமும் திருக்கணிதமும்



தகப்பனாரின் திவசத்துக்கு நாள் கேட்டு ஆலயத்துக்கு வருவோர் சில வேளைகளில் இரண்டு பஞ்சாங்கங்களைக் கையில் கொண்டு வருகின்றனர். இரண்டும் யாழ்ப்பாணத்தில் அச்சானவை. ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம். ஒன்றின்படி அட்டமித் திதி திங்கட்கிழமைக்குரியது, மற்றதன்படி செவ்வாய்க்கிழமைக்குரியது. "ஐயா, இதில் எது பிழை?" என்பதுதான் முதற் கேள்வி. அச்சுப் பிழையும் இல்லை, கணித்தவரின் கவனக்குறைவும் இல்லை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, எந்தத் திதிகளில் அது பெரிதாகிறது என்பதை இம்முறை கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

திதி என்பது கடிகாரத்தோடு பிறந்த ஒன்றன்று. வானத்தில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள தூரமே திதி. இருவரும் ஒரே இடத்தில் சேரும் கணம் அமாவாசை முடிவு. அங்கிருந்து சந்திரன் 12 பாகை முன்னே போனதும் பிரதமை முடிகிறது. 24 பாகையில் துவிதியை முடிகிறது. 84 பாகையிலிருந்து 96 பாகை வரை வளர்பிறை அட்டமி. ஆகவே ஒரு திதி எப்போது முடிகிறது என்று சொல்ல வேண்டுமானால், சந்திரன் அந்த நேரத்தில் எங்கே நிற்கிறான் என்று தெரிய வேண்டும். சூரியனைக் கணிப்பது ஓரளவு சுலபம். பஞ்சாங்கக்காரரின் பாடெல்லாம் சந்திரனோடுதான்.

சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அருகே வரும்போது விரைந்தும், தூரப் போகும்போது தயங்கியும் செல்கிறான். அருகிலிருந்து தூரம் போய்த் திரும்பவும் அருகே வர ஏறக்குறைய இருபத்தேழரை நாள் எடுக்கிறது. இப்படி ஒன்பது சுற்றுகள் முடிந்தால் கிட்டத்தட்ட மிகச் சரியாக 248 நாட்கள். நம் முன்னோர் இதைக் கண்டுகொண்டு, அந்த 248 நாட்களுக்கும் ஒவ்வொரு நாளும் சந்திரன் எவ்வளவு தூரம் போயிருப்பான் என்பதை 248 சிறு வாக்கியங்களாக ஆக்கி வைத்தனர். எழுத்துக்கு ஓர் எண் என்ற கடபயாதி முறையில் அமைந்தவை அவை. சொல்லாகப் பாடம் பண்ணலாம், எண்ணாகப் பிரித்துக் கணக்கிடலாம். முதல் வாக்கியத்தின் எண் 12 பாகை 3 கலை. சந்திரன் மிக மெதுவாகச் செல்லும் நாளில் நடக்கும் தூரம் அது. இவற்றை வரருசி இயற்றியதாக மரபு கூறும். இந்த வாக்கியங்களைக் கொண்டு கணிப்பதால்தான் வாக்கிய பஞ்சாங்கம் என்று பெயர்.

இது எவ்வளவு வேலை செய்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஜோன் வாரன் என்ற அதிகாரி, புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அவர் கையில் ஏடும் இல்லை, எழுதுகோலும் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைச் சொல்லிச் சொல்லி, 1825ஆம் ஆண்டு மே 31 இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். தொலைநோக்கியோ அச்சிட்ட அட்டவணையோ இல்லாமல் இந்த அளவு! ஆனாலும் 52 நிமிடம் 52 நிமிடம்தான். வித்தியாசத்தின் வித்து அதிலேயே தெரிகிறது.

இனித்தான் விடயத்தின் நடுப்பகுதி. வாக்கிய முறையில் சந்திரனுக்கு ஒரே ஒரு திருத்தம்தான் உண்டு. அருகில் விரைவு, தூரத்தில் தயக்கம் என்று மேலே சொன்னோமே, அது. அந்தத் திருத்தம் அதிகபட்சம் 5 பாகை. வானத்தில் நடப்பது இதைவிடச் சிக்கலானது. பூமி மட்டுமன்றிச் சூரியனும் சந்திரனை இழுக்கிறது. அதனால் உண்மையான முதல் திருத்தம் ஆறேகால் பாகையைச் சற்றுத் தாண்டும்; அதோடு சூரியன் இழுப்பதால் வரும் இரண்டாவது திருத்தம் ஒன்றேகால் பாகை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும். ஆறேகாலில் ஒன்றேகால் போனால் மிச்சம் ஐந்து. அதாவது வாக்கியம் சொல்லும் அதே ஐந்து! அரைச் சந்திரன் தெரியும் அட்டமியிலோ இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து ஏழரை ஆகும்.

அந்த ஐந்து என்ற எண் தற்செயலாக வந்ததன்று. முன்னோர் தங்கள் கணக்கைச் சரிபார்த்தது பெரும்பாலும் கிரகணங்களைக் கொண்டு. கிரகணம் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டுமே வரும். ஆகவே அந்த இரண்டு நாட்களுக்கும் பொருந்தும் எண்ணே அவர்கள் கையில் கிடைத்தது. அட்டமியில் சந்திரனை அளந்து பார்த்தவர்களும் இல்லாமற் போகவில்லை. கி.பி. 932இல் லகுமானசம் எழுதிய முஞ்சாலர் இந்த இரண்டாவது திருத்தத்தைச் சொல்லியிருக்கிறார். ஆனால் அது வாக்கியங்களுக்குள் ஏறவில்லை. கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டுகள் கிரகணங்களைக் கவனித்து, கணக்கும் கண்ணும் ஒத்துவர வேண்டும் என்று 1431இல் திருக்கணிதம் என்ற நூலையே எழுதினார். 'திருக்' என்றால் பார்வை. ஆகவே திருக்கணிதம் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு என்று சிலர் சொல்வது முழுதும் சரியன்று; இன்றைய திருக்கணித பஞ்சாங்கங்கள் நவீன வானியல் எண்களைப் பயன்படுத்துகின்றன என்பது மட்டும் உண்மை.

இனி அந்த அட்டமியைக் கணக்காகவே பார்ப்போம். சந்திரன் பூமிக்கு அருகிலிருந்து தூரத்துக்குப் போகும் பாதையில் நடுவழியில் இருக்கும்போது ஓர் அட்டமி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாக்கியம் சந்திரனை ஐந்து பாகை முன்னே வைக்கும். திருக்கணிதம் ஏழரை பாகை முன்னே வைக்கும். இடைவெளி இரண்டரை பாகை. சூரியனைவிடச் சந்திரன் நாளொன்றுக்கு ஏறக்குறைய 12 பாகை முந்துகிறான். அப்படியானால் இரண்டரை பாகைக்கு ஐந்து மணித்தியாலம், நாழிகையில் பன்னிரண்டுக்கு மேல். திருக்கணிதத்தில் அட்டமி திங்கள் பகல் 1.00 மணிக்குத் தொடங்கிச் செவ்வாய் பகல் 12.50க்கு முடிகிறது என்றால், வாக்கியத்தில் அதே அட்டமி திங்கள் மாலை 6 மணியளவில் தொடங்கிச் செவ்வாய் மாலை 6 மணிக்குச் சற்று முன் முடியும்.

சிரார்த்தத்துக்குத் திதி இருக்க வேண்டிய வேளை அபராண்ணம். பகலை ஐந்தாகப் பிரித்தால் நான்காம் பங்கு. காலை 6க்குச் சூரியன் உதித்து மாலை 6க்கு மறையும் நாளில் அது பகல் 1.12 முதல் 3.36 வரை. மேலே சொன்ன கணக்கில் திருக்கணிதப்படி திங்கட்கிழமை அபராண்ணத்தில் அட்டமி இருக்கிறது, செவ்வாயில் இல்லை. வாக்கியப்படி செவ்வாயில் இருக்கிறது, திங்களில் இல்லை. ஐந்து மணித்தியாலம் ஒரு முழு நாளாக மாறுவது இப்படித்தான்.

எல்லா அட்டமியும் இப்படி என்று எண்ண வேண்டாம். சந்திரன் பூமிக்கு மிக அருகிலோ மிகத் தூரத்திலோ நிற்கும்போது வரும் அட்டமியில் இந்த இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிடும். தூரத்திலிருந்து அருகே திரும்பும் பாதையிலோ எதிர்மாறாக வாக்கியம் முந்தும், திருக்கணிதம் பிந்தும். அமாவாசை, பௌர்ணமி விரதங்களில் இரு பஞ்சாங்கக்காரரும் பெரும்பாலும் ஒத்துப்போவதும், அட்டமியிலும் அதை அடுத்த திதிகளிலும் மாறுபடுவதும் இதனால்தான்.

உங்கள் கையில் உள்ளது எந்த முறை என்று அட்டையைப் பார்க்காமலே அறியலாம். வாக்கியத்தில் ஒரு திதி 65 நாழிகைக்கு மேல் நீளாது, 54 நாழிகைக்குக் கீழ் குறையாது. அறுபதுக்கு ஐந்து கூடும், ஆறு குறையும் என்பார்கள். திருக்கணிதத்தில் ஏழு கூடும், பத்து குறையும். மணிக்கணக்கில் சொன்னால், ஏதாவது ஒரு திதி இருபத்தொன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவாகவோ இருபத்தாறரைக்கும் அதிகமாகவோ கண்டால் அது திருக்கணிதம்.

கிரகப் பெயர்ச்சிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 சனவரி 17. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா நடந்தது 2023 டிசம்பர் 20. பதினொரு மாதம்! சனி ஒரு பாகை நகரவே சராசரி ஒரு மாதம் எடுக்கும். சில பாகை வித்தியாசமும் மாதங்களாக நீண்டுவிடும். அது தனியே எழுத வேண்டிய கதை.

திவசத்துக்கு வருவோம். உண்மையான சிக்கல் ஒவ்வோர் ஆண்டும் நாள் பார்ப்பதில் மட்டும் இல்லை. முதன்முதலில் திதியைக் குறித்ததிலேயே இருக்கிறது. மேலே காட்டிய திங்கட்கிழமை மாலை 3 மணிக்கு ஒருவர் சிவபதம் அடைந்திருந்தால், வாக்கியப்படி அவர் திதி சப்தமி, திருக்கணிதப்படி அட்டமி. வாக்கியத்தில் சப்தமி என்று எழுதி வைத்துவிட்டு, ஆண்டுதோறும் திருக்கணிதத்தில் சப்தமியைத் தேடினால் இரு முறைக்கும் பொருந்தாத நாளில் திவசம் கொடுப்போம். எந்தப் பஞ்சாங்கத்தில் திதி குறித்தீர்களோ அதையே தொடர்ந்து பாருங்கள். ஊரில் மூத்தவர்கள் குறித்த திதியாக இருந்தால், வீட்டில் அப்போது எந்தப் பஞ்சாங்கம் இருந்தது என்று அவர்களையே கேட்டுவிடுவது நல்லது.

இங்கே ரொறன்ரோவில் இன்னொரு விடயமும் உண்டு. திதி முடியும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே, கடிகாரம்தான் வேறு. கோடைகாலத்தில் நாம் யாழ்ப்பாணத்துக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னே, மாரியில் பத்தரை. இங்கே திங்கள் இரவு 10 மணிக்கு ஒருவர் காலமானால், கோடையில் யாழ்ப்பாணத்தில் அது செவ்வாய் காலை 7.30. பஞ்சாங்கத்தில் பார்க்க வேண்டியது செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை. சிலர் திங்கட்கிழமைப் பக்கத்தைப் பார்த்து ஒரு திதியைத் தவறவிடுகின்றனர். பின்பு திவச நாள் பார்க்கும்போது, திதியின் தொடக்கத்தையும் முடிவையும் நம் நேரத்துக்கு மாற்றி, ரொறன்ரோவின் சூரிய உதயத்தையும் மறைவையும் கொண்டு அபராண்ணத்தைப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்து நாளை அப்படியே எடுத்தால் ஒரு நாள் தவறலாம்.

ஆகவே குருக்களிடம் வரும்போது திதியின் பெயரை மட்டும் சொல்லாமல், காலமான ஆங்கிலத் தேதி, நேரம், நகரம், பார்த்த பஞ்சாங்கம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். அவை இருந்தால் எந்த முறையிலும் திதியைத் திரும்பக் கணிக்கலாம்.