பழைய நகையைக் கொடுத்துப் புதிய நகை வாங்கும் கணக்கு

திருமணமோ தீபாவளியோ நெருங்கும்போது தோட்டப்புறக் குடும்பங்கள் ஈப்போ நகைக்கடைகளுக்குச் செல்வது வழக்கம். ரொக்கம் போதாதவர்கள் பெட்டியில் இருக்கும் பழைய சங்கிலியையோ வளையலையோ எடுத்துச் செல்கின்றனர். "பழையதைக் கொடுத்துப் புதியதைப் பெறுங்கள், கழிவு இல்லை" என்னும் விளம்பரம் அவர்களை வரவேற்கின்றது. மரம் சீவிச் சேர்த்த பணத்தில் வாங்கிய நகை, கடை மேசையில் எவ்வாறு மதிப்பிடப்படுகின்றது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

நகை மாற்று என்பது ஒரே நேரத்தில் நடைபெறும் இரண்டு வாணிபங்கள் ஆகும். முதலாவதில் நாம் விற்கின்றோம்; கடைக்காரர் வாங்குகின்றார். இரண்டாவதில் கடைக்காரர் விற்கின்றார், நாம் வாங்குகின்றோம். விளம்பரம் முதல் வாணிபத்தைப் பற்றி மட்டுமே பேசும். செலவு இரண்டாவதில் மறைந்திருக்கக் கூடும்.

பழைய நகையின் மதிப்பு

பழைய நகைக்கு மூன்று செய்திகள் பார்க்கப்படுகின்றன: எடை, மாற்று, விலை.

எடை என்பது தங்கத்தின் எடை மட்டுமே. கல், அரக்கு, நூல், அழுக்கு ஆகியவை கழிக்கப்படும். இது முறையே. ஆனால் எத்தனை கிராம் கழிக்கப்பட்டது என்பதை நம் கண்முன் நிறுத்துக் காட்டவேண்டும்.

மாற்று என்பது தங்கத்தின் தூய்மை. 916 என்று முத்திரையிட்ட நகையில், ஆயிரம் பங்கில் 916 பங்கு தூய தங்கம். இதையே 22 காரட் என்கிறோம். 835 என்றால் தூய தங்கம் அந்த அளவுக்குக் குறைவு. முத்திரை தேய்ந்துபோன நகையையும், முன்னாளில் ஆசாரியிடம் செய்வித்த முத்திரையில்லா நகையையும் கடைக்காரர் உரைகல்லிலோ கருவியிலோ சோதிப்பார். பற்றவைத்த இடத்தில் மட்டும் சோதித்தால் மாற்றுக் குறைவாகத் தெரியக்கூடும். ஆகவே வேறோர் இடத்திலும் சோதிக்கும்படி கேட்கலாம். 20 கிராம் 916 நகையை 835 என்று கணக்கிட்டால், கிராம் 500 ரிங்கிட் விலையில் ஏறத்தாழ 884 ரிங்கிட் குறையும்.

மூன்றாவது விலை. பலகையில் காணப்படுவது கடைக்காரர் விற்கும் விலை. பழைய நகைக்கு அதே விலையைத் தரலாம். அல்லது அதிலிருந்து ஒரு விழுக்காட்டைக் குறைத்துத் தரலாம். மலாய் விளம்பரங்களில் 'சுசுட் நிலாய்' எனப்படும் கழிவு இதுவே. பழைய நகையை முன்பு வாங்கியபோது நாம் கொடுத்த செய்கூலி எக்கடையிலும் திரும்பி வாராது என்பதையும் மனத்தில் கொள்ளவேண்டும்.

புதிய நகையின் விலை

புதிய நகைக்குத் தங்கத்தின் விலையோடு செய்கூலியும் சேரும். இதனை மலாயில் 'உப்பா' என்பர். சில கடைகளில் சேதாரம் என்று மற்றொரு தொகையும் சேரும். நகை செய்யும்போது வீணாகும் தங்கத்திற்கு ஈடு என்று இதற்குக் காரணம் கூறுவர். 20 கிராம் நகைக்கு 8 விழுக்காடு சேதாரம் என்றால், 1.6 கிராம் தங்கத்தின் விலையை நாம் கொடுக்கின்றோம். அந்தத் தங்கம் நம் கைக்கு வருவதில்லை. முதல் வாணிபத்தில் விட்டுக்கொடுத்த கழிவை, கடைக்காரர் இங்கே திரும்பப் பெற்றுக்கொள்ள இயலும்.

ஓர் எடுத்துக்காட்டு

சுங்கை சிப்புட் பகுதித் தோட்டமொன்றில் வாழும் ஓர் அம்மையார், மகளின் திருமணத்திற்காகக் கல் இல்லாத 20 கிராம் 916 சங்கிலியை மாற்ற விரும்புகின்றார் எனக் கொள்வோம். அவர் வாங்க எண்ணும் புதிய சங்கிலியும் 20 கிராம். கணக்கு எளிதாக அமையத் தங்கம் கிராம் 500 ரிங்கிட் என வைத்துக்கொள்வோம். உண்மை விலையை அன்றைய பலகையில் காண்க.

முதற்கடையில் "கழிவே இல்லை" என்கின்றனர். பழைய சங்கிலிக்கு 10,000 ரிங்கிட் கிடைக்கின்றது. புதிய சங்கிலியின் தங்கத்திற்கு 10,000, சேதாரம் 8 விழுக்காட்டுக்கு 800, செய்கூலி 600, ஆக 11,400. அம்மையார் மேற்கொண்டு செலுத்துவது 1,400 ரிங்கிட்.

இரண்டாம் கடையில் 8 விழுக்காடு கழிக்கின்றனர். பழைய சங்கிலிக்கு 9,200 மட்டுமே. ஆனால் புதிய சங்கிலிக்குச் சேதாரம் இல்லை, செய்கூலி 350. ஆக விலை 10,350. அவர் செலுத்துவது 1,150 ரிங்கிட்.

கழிவு இல்லை என்ற கடையில் 250 ரிங்கிட் கூடுதலாகிவிட்டது. ஆகவே எத்தனை விழுக்காடு கழிவு என்று மட்டும் கேட்பது போதாது. "இத்தனை கிராம் தங்கம் கொடுத்து, அதே அளவு தங்கம் பெற, நான் மேற்கொண்டு எவ்வளவு கட்டவேண்டும்?" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு தொகையே மாற்றின் உண்மைச் செலவு. புதிய நகை 25 கிராம் என்றால், கூடுதலான 5 கிராமின் விலையாகிய 2,500 ரிங்கிட்டைக் கட்டும் தொகையிலிருந்து கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும்.

கடையில் செய்யத்தக்கவை

புறப்படுமுன் பழைய ரசீதைத் தேடி எடுத்துக்கொள்க. பழைய நகைக்கு எவ்வளவு தருவார்கள், புதிய நகைக்கு எவ்வளவு ஆகும் என்பவற்றைத் தனித்தனியே எழுதித் தரும்படி கேட்க. இரண்டு மூன்று கடைகளில் விசாரித்த பின்னரே இசைவு தெரிவிக்க. அதற்குமுன் நகையை வெட்டவோ உருக்கவோ விடலாகாது. உருக்கிய நகையை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குச் செல்லுதல் அரிது. கொக்கி ஒன்றே பழுதென்றால், அதைப் பற்றவைத்துக்கொள்வது மாற்றுவதினும் செலவு குறைந்த வழி.

ரசீதில் பழைய நகையின் எடை, மாற்று, கிராம் விலை, கழிவு ஆகியவையும், புதிய நகையின் நிகரத் தங்க எடை, மாற்று, கல்லின் எடை, செய்கூலி ஆகியவையும் தனித்தனியே இருத்தல் வேண்டும். மொத்தத் தொகை மட்டும் எழுதிய ரசீதைக் கொண்டு எதையும் மெய்ப்பித்தல் கடினம். எடையிலோ மாற்றிலோ ஏமாற்றம் நேர்ந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த இம்மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கின்றது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். சிக்கல் எழுந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

பயிற்சி

மூன்றாம் கடையில் கழிவும் இல்லை, செய்கூலியும் இல்லை என்கின்றனர். அதே பழைய சங்கிலிக்கு 10,000 ரிங்கிட் தந்து, 20 கிராம் எடையுள்ள கல் அட்டிகையை 10,000 ரிங்கிட்டுக்குக் கொடுக்கின்றனர். அட்டிகையில் கற்களின் எடை 3 கிராம். அம்மையார் கையிலிருந்து ஒரு காசும் கொடுக்கவில்லை. அவருக்கு ஆன செலவு எவ்வளவு?

விடை: அவர் கொடுத்த தங்கம் 20 கிராம், பெற்றது 17 கிராம். 3 கிராம் கல்லைத் தங்கத்தின் விலைக்கு வாங்கியுள்ளார். செலவு 1,500 ரிங்கிட். மூன்று கடைகளிலும் இதுவே மிகுதி.