கிரிவலம் முடிந்தபின் வாந்திபேதி: நோய்ப்பரவலை விசாரிப்பது எப்படி?

பௌர்ணமிக்கு மறுநாள் காலை திருவண்ணாமலை ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுக்கு வாந்தி, வயிற்றுவலியோடு அடுத்தடுத்து ஆட்கள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

1. நோய் எது?

முதலில் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். வழக்கமான நாளைவிட உண்மையிலேயே அதிகமா? பிறகு நோயாளியிடம் பேசுங்கள். சாப்பிட்ட சில மணி நேரத்தில் காய்ச்சலில்லாமல் வாந்தி என்றால் உணவிலிருந்த நச்சைச் சந்தேகிக்கலாம். கஞ்சித் தண்ணீர்போலப் பேதியானால் காலராவை நினைக்க வேண்டும். ஆன்டிபயாடிக் கொடுக்குமுன் மல மாதிரி எடுத்துவிடுங்கள்.

2. யாரைக் கணக்கில் சேர்ப்பது?

ஆள், இடம், காலம் மூன்றும் வரையறையில் இருக்கட்டும்: 'பௌர்ணமி மாலைக்குப் பின் கிரிவலப் பாதையில் சாப்பிட்டு, 24 மணி நேரத்துக்குள் வாந்தியோ பேதியோ கண்டவர்.' இந்த ஊரில் சிக்கலே இங்குதான். 14 கிலோமீட்டர் சுற்றி முடித்த பக்தர் விடியுமுன் பஸ் ஏறிவிடுவார். நோய் அவர் ஊரில்தான் வெளிப்படும். பக்கத்து மாவட்டங்களைக் கேட்காவிட்டால் உள்ளூர்க்காரர்களின் நோயாகவே அது தோன்றும்.

3. எப்போது, எங்கே?

நோய் தொடங்கிய நேரத்தை வரைபடமாகப் போடுங்கள். செங்குத்தாக ஏறி இறங்கினால், எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே மூலத்திலிருந்து வாங்கியிருக்கலாம். நாள்கணக்கில் நீண்டால் தண்ணீரையும் ஆளுக்கு ஆள் பரவுவதையும் பாருங்கள்.

4. எந்த உணவு?

நோயாளிகளை மட்டும் கேட்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம். 1940 ஏப்ரலில் அமெரிக்காவின் ஆஸ்வீகோ மாவட்டத்தில் நடந்த தேவாலய விருந்து இதற்கு நல்ல பாடம். விசாரித்த 75 பேரில் 46 பேருக்கு நோய். அந்த 46 பேரில் 29 பேர் பன்றியிறைச்சி சாப்பிட்டிருந்தார்கள். அதுதான் காரணமா?

நலமாக இருந்தவர்களையும் சேர்த்தால் கதை மாறுகிறது. இறைச்சி சாப்பிட்ட 46 பேரில் 29 பேருக்கு நோய், அதாவது 63 சதவீதம். சாப்பிடாத 29 பேரிலும் 17 பேருக்கு நோய், 59 சதவீதம். பெரிய வித்தியாசமில்லை. வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்ட 54 பேரில் 43 பேர் விழுந்தார்கள், 80 சதவீதம். தொடாத 21 பேரில் மூவர்தான், 14 சதவீதம். முழு எண்ணாக்காமல் 79.6-ஐ 14.3-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5.6 மடங்கு அபாயம். அந்த மூவர்? ஞாபகம் பிசகியிருக்கலாம், கரண்டி மாறியிருக்கலாம். முழு நூறு சதவீதத்தை எதிர்பார்க்காதீர்கள்.

அன்னதானத்திலும் இதே கணக்குதான்: சாம்பார் சாதம், தயிர் சாதம், தண்ணீர் என்று ஒவ்வொன்றுக்கும் சாப்பிட்டவர், சாப்பிடாதவர் என இரு வரிசை. ஒரே பந்தலில் எல்லாரும் எல்லாவற்றையும் சாப்பிட்டிருந்தால் இந்த முறை எடுபடாது. பந்தலுக்குப் பந்தல் ஒப்பிட வேண்டியதுதான்.

5. தடுப்பு

இது கடைசிப் படி அல்ல, முதல் மணியிலேயே தொடங்குவது. உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். மீந்த உணவில் மாதிரி எடுத்துக்கொண்டு மிச்சத்தை அழியுங்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் நச்சு கொதிக்கவைத்தாலும் எளிதில் போகாது என்பதால், சுடவைத்துப் பரிமாறலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கையில் புண் உள்ளவரைச் சமையலிலிருந்து விலக்குங்கள். தண்ணீரைச் சந்தேகித்தால் குளோரின் போட்டு, அரை மணி நேரம் கழித்துக் குழாய் முனையில் எஞ்சிய அளவைப் பாருங்கள். சாதாரண நாளில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது, பரவல் காலத்தில் 0.5 இருக்க வேண்டும்.