கப்பல்காரருக்கு முதல் வணக்கம்

புன்னைக்காயலில் பிளஸ் டூ முடித்த ஒரு பையனுக்குக் கப்பலுக்குப் போக ஆசை. மாமா மூலமாக ஒரு கப்பல் அதிகாரியின் வாட்ஸ்அப் எண் கிடைத்திருக்கிறது. அவரை முன்பின் பார்த்ததில்லை. எப்படி விளித்துத் தொடங்குவது?

‘அண்ணே’ என்பது நம் கரையில் இயல்பாக வாயில் வருவதுதான். ஆனால் அவர் இந்த ஊர்க்காரர், மாமாவுக்கு நெருக்கமானவர் என்று தெரிந்தால் ஒழிய வேண்டாம். கேட்காமலே உரிமை எடுத்துக்கொண்டதாகப் படும். ‘இயேசுவுக்கே புகழ்’ என்பதும் அப்படியே. எதிரில் இருப்பவர் யாரென்று தெரிந்த பிறகு சொல்லலாம். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்றால் தாலுகா அலுவலக மனு வாசனை அடிக்கும்.

‘கேப்டன்’ என்பது கப்பலில் நல்ல மரியாதை. ஓய்வுபெற்றவரைக்கூட அப்படியே அழைப்பார்கள். ஆனால் அவர் கப்பலின் மாஸ்டராக இருந்தால் மட்டும். சீஃப் இன்ஜினியரைக் கேப்டன் என்றால், விசாரிக்காமலே எழுதிவிட்டாய் என்று முதல் வரியிலேயே தெரிந்துபோகும். பதவி சரியாகத் தெரியாவிட்டால் ‘வணக்கம் சார்’ போதும். பெண் அதிகாரி என்றால் ‘வணக்கம் மேடம்’.

‘குட் மார்னிங்’ வேண்டாம் என்பேன். செகண்ட் ஆபீசருக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு முதல் நான்கு வரை, பகலிலும் இரவிலும் வாட்ச். அவர் காலையில் தூங்குவார். கப்பல் எந்த நேரக் கணக்கில் ஓடுகிறது என்பதும் உனக்குத் தெரியாது. வணக்கத்துக்கு நேரம் காலம் கிடையாது.

இதைவிடப் பெரிய தவறு, ‘ஹாய் சார்’ என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது. நடுக்கடலில் நெட் எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அவர் ‘யாரு?’ என்று கேட்டு, நீ பதில் சொல்வதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும். வணக்கம், பெயர், ஊர், எண் தந்தவர், கேள்வி எல்லாம் ஒரே செய்தியில் போகட்டும். இப்படி:

“வணக்கம் சார். என் பெயர் ——. புன்னைக்காயல். என் மாமா —— உங்கள் எண்ணைத் தந்தார். பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்தேன். ஆறு மாத ஜிபி ரேட்டிங்கா, ஒரு வருட டிஎன்எஸ்ஸா என்று குழப்பம். டிஎன்எஸ்ஸுக்குக் கம்பெனி ஸ்பான்சர்ஷிப் கிடைக்கும் வரை காத்திருப்பது நல்லதா? நேரம் கிடைக்கும்போது சொன்னால் போதும் சார்.”

இதில் கேள்வி ஒன்றுதான். இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ‘எனக்கு வழிகாட்டுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்கே புரியாது. ‘வேலை வாங்கித் தாருங்கள்’ என்றாலோ பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஒரே டிக் மட்டும் விழுந்திருந்தால் செய்தி அவர் போனுக்கே போய்ச் சேரவில்லை, கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. நீலமாகியும் பதில் வரவில்லையா, இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். பதிலில் அவரே ‘தம்பி’ என்று எழுதினால், அடுத்த செய்தியில் தாராளமாக ‘அண்ணே’ போடு.